சேமிப்புக் கணக்குக் கட்டணங்கள்: தனியார் வங்கியை விட்டு நான் மாறியதற்கான கணக்கு

வேலை மாறிய ஆறாவது மாதம், என் கணக்கிலிருந்து 306 ரூபாய் 80 காசு எடுக்கப்பட்டிருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதம் என்று ஸ்டேட்மென்ட்டில் எழுதியிருந்தது. பழைய நிறுவனம் திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு அது, ஒரு தனியார் வங்கியில். சம்பளக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன். புதிய நிறுவனமும் அதே கணக்கில்தான் பணம் போட்டது. ஆனால் அந்த நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சம்பள ஒப்பந்தம் இல்லாததால், அது வெறும் வரவாகத்தான் பதிவானது. மூன்று மாதம் சம்பள வரவு இல்லையென்றதும் கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிட்டது. அதைச் சொல்லும் குறுஞ்செய்தி வந்திருந்தது; கடன் தருகிறோம், கார்டு தருகிறோம் என்று வரும் செய்திகளுக்கு நடுவே நான் அதைப் படிக்கவில்லை.

அதன்பிறகுதான் இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்று, மாதச் சராசரியாக 10,000 ரூபாய் கேட்கும் அந்தத் தனியார் வங்கிக் கணக்கு. இன்னொன்று, இருப்புக் குறைவுக்கு அபராதம் விதிக்காத ஒரு பொதுத்துறை வங்கிக் கணக்கு. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

பணப் பரிமாற்றக் கட்டணத்தை வைத்து வங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. யூபிஐக்குக் கட்டணம் இல்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து இணையம் வழியாக அனுப்பும் நெஃப்ட்டுக்கும் 2020 ஜனவரி முதல் எந்த வங்கியும் கட்டணம் வாங்கக் கூடாது. கிளைக்குப் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை இரண்டரை ரூபாய், இரண்டு லட்சத்துக்கு மேல் 25 ரூபாய் என்பது உச்சவரம்பு, ஜிஎஸ்டி தனி. ஐஎம்பிஎஸ் கட்டணம் மட்டும் வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது. பெரிய தொகையை அடிக்கடி அதில் அனுப்புகிறவர்கள் கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

டெபிட் கார்டில் தனியார் வங்கி முதலாண்டுக்கு எதுவும் வாங்கவில்லை. நான் மாறிய வங்கி ஆண்டுக்கு 200 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 236 ரூபாய் எடுக்கிறது. இதில் தனியார் வங்கி எனக்கு மலிவாகவே இருந்தது. ஆனால் கார்டுக் கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டியே தெரிந்த தொகை. கிளையில் விவரம் கேட்டால், உயர்ரகக் கார்டுக்குப் பதிலாகச் சாதாரணக் கார்டு வாங்கி அதையும் குறைத்துக்கொள்ளலாம்.

முடிவைத் தீர்மானித்தது அபராதம்தான். 'பத்தாயிரம் இருக்க வேண்டும்' என்றால் கணக்கில் எப்போதும் பத்தாயிரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு நாளும் முடியும்போது உள்ள இருப்பை மாதம் முழுவதும் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவதே சராசரி மாத இருப்பு. மாதக் கடைசியில் மட்டும் பத்தாயிரம் வைத்திருந்தாலும் பயனில்லை.

அபராதம் விழுந்த மாதத்தை அப்படியே போட்டுப் பார்க்கிறேன். முப்பது நாள் மாதம். ஒன்றாம் தேதி இரவு கணக்கில் 28,000 ரூபாய். இரண்டாம் தேதி வாடகையும் கடன் தவணையுமாக 20,000 போய்விட்டது. பத்தாம் தேதி வரை ஒன்பது நாள் 8,000 இருந்தது. அதன் கூட்டல் 72,000. அடுத்த பத்து நாள் 5,000 வீதம் 50,000. கடைசிப் பத்து நாள் 2,000 வீதம் 20,000. முதல் நாளின் 28,000-ஐயும் சேர்த்தால் 1,70,000. முப்பதால் வகுத்தால் சராசரி 5,667 ரூபாய். பற்றாக்குறை 4,333. வங்கியின் கட்டணம் பற்றாக்குறையில் 6 சதவீதம் அல்லது 600 ரூபாய், எது குறைவோ அது. ஆக 260 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 46 ரூபாய் 80 காசு.

மாதம் 28,000 ரூபாய் வந்து போகும் கணக்கு இது. வரவு குறைவு என்பதற்காக அபராதம் விழவில்லை. வந்த பணம் மறுநாளே வெளியேறியதால் விழுந்தது. அந்த 20,000-ஐ ஏழு நாள் தள்ளி, ஒன்பதாம் தேதி கட்டியிருந்தால் கூட்டலில் 1,40,000 ஏறியிருக்கும்; தேவையான மூன்று லட்சத்தைத் தாண்டியிருப்பேன். செலவு ஒரு ரூபாய்கூட மாறியிருக்காது. ஆனால் வீட்டு உரிமையாளரும் தவணைத் தேதியும் என் வங்கிச் சராசரிக்காகக் காத்திருக்க மாட்டார்களே! இதே போக்கில் ஓராண்டு போனால் 3,681 ரூபாய். கார்டுக்குக் கொடுக்கும் 236 ரூபாய் இதன் பக்கத்தில் எங்கே நிற்கிறது?

பத்தாயிரத்தை அசையாமல் வைத்துவிட்டால் போயிற்று என்று நண்பர் ஒருவர் சொன்னார். முடிகிறவர்களுக்கு அது சரியான வழிதான். நல்ல செயலி, விரைவான சேவை என்று அந்தத் தனியார் வங்கியில் எனக்குப் பிடித்தவையும் உண்டு. ஆனால் அவசரத்துக்கு எடுக்கத் தயங்க வேண்டிய பணத்தைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அபராதத்துக்கு விதிகள் இருக்கின்றன. 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, இருப்பு குறைந்ததும் வங்கி முதலில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். அபராதம் பற்றாக்குறையின் விகிதத்தில் இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் கணக்கில் இவற்றில் ஒன்று மீறப்பட்டிருந்தால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். என் விஷயத்தில் வங்கி முறைப்படி தெரிவித்திருந்ததால் கேட்க இடமில்லை.

பொதுத்துறை வங்கிகளில் பாரத ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை 2020-இலேயே கைவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும் இந்தியன் வங்கி ஜூலையிலும் கைவிட்டன. கார்டுக் கட்டணம்கூட வேண்டாம் என்பவர்களுக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. அதில் குறைந்தபட்ச இருப்பும் இல்லை, கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. மாதம் குறைந்தது நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. நான் அதைப் பயன்படுத்தியதில்லை என்பதால் அன்றாட அனுபவம் எப்படி என்று சொல்ல மாட்டேன்.

மாறுகிறவர்கள் பழைய கணக்கை உடனே மூடிவிட வேண்டாம். காப்பீட்டுப் பிரீமியம், கடன் தவணை போன்றவற்றுக்குத் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த ஒப்புதல்களை முதலில் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு தவணை அங்கிருந்து போவதைக் கண்ணால் பாருங்கள். நான் ஒரு காப்பீட்டுப் பிரீமியத்தை மறந்துவிட்டேன். நல்லவேளையாக, மூடல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது கிளை ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், இதில் இன்னும் ஒரு ஒப்புதல் நிற்கிறதே" என்று கேட்டார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம்தான் மூடினேன்.