மண்டபத்து ஆபீஸ் லேப்டாப், பாம்பன் ஜெட்டியில் போன்: குரோம் சிங்க் 2 ஆண்டுப் பயன்பாடு

மண்டபத்தில் ஆபீஸ், நண்டும் கணவாயும் எடை போடுவது பாம்பனில். லேப்டாப் மேசையை விட்டு நகராது, கரைக்குப் போவது போன்தான். இப்படிப்பட்ட வேலைக்கு, ஒரே கூகுள் கணக்கின் புக்மார்க், பாஸ்வேர்டு, டேப்களை இரண்டு கருவியிலும் காட்டும் குரோம் பிரவுசரின் சிங்க்கை இரண்டு மீன்பிடித் தடைக்காலங்களைத் தாண்டிப் பயன்படுத்தியாயிற்று. புக்மார்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பாஸ்வேர்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நம்பலாம். ஆனால், லேப்டாப்பில் திறந்து வைத்த டேப் போனில் இருக்கும் என்ற தைரியத்தில் மட்டும் விடியற்காலை கரைக்குக் கிளம்பக் கூடாது.

காரணம் எளிது. திறந்த டேப் என்று போனுக்கு வந்து சேர்வது அந்தப் பக்கத்தின் முகவரியும் தலைப்பும்தான். பக்கம் வராது. நீங்கள் உள்ளே நுழைந்திருந்த லாகினும் வராது, பாதி நிரப்பிய படிவமும் வராது. போன் அந்த முகவரியை வைத்துக்கொண்டு புதிதாக நெட்டில் போய் எடுக்க வேண்டும்.

ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் நான்கு டேப் திறந்திருக்கிறது: இன்காய்ஸ் வெளியிடும் மீன்வள மண்டல அறிவிப்பு, ஆன்லைன் விலைப் பட்டியல், வாங்குபவரின் ஆர்டர் போர்ட்டல், ஆபீஸுக்குள் இருக்கும் கணினியில் ஓடும் சரக்கு இருப்புப் பக்கம். மறுநாள் காலை 4 மணிக்கு ஜெட்டியில் போனை எடுத்து, மூன்று புள்ளி மெனுவில் Recent tabs போய்ப் பார்த்தால் நான்கின் பெயரும் வரிசையாக இருக்கும். தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். அறிவிப்புப் பக்கம் உடனே திறக்கும். விலைப் பட்டியல், போனிலும் அதே கணக்கு இருப்பதால் திறக்கும். ஆர்டர் போர்ட்டல் மறுபடி லாகின் கேட்கும். பாஸ்வேர்டு தானாக நிரம்பினாலும் ஓடிபி வேறொருவர் போனுக்குப் போனால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். நான்காவதன் முகவரி 192.168 என்று தொடங்கும். அது ஆபீஸ் வைஃபைக்குள் மட்டும் செல்லும் எண், பாம்பனில் எத்தனை தடவை தொட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் டவுன்லோட் செய்து திறந்து வைத்த பிடிஎஃப்பும் போனில் கிடைக்காது. கோப்பு லேப்டாப்பில் இருக்கிறது, போனில் இல்லை.

பட்டியலே பழையதாக இருப்பது இன்னொரு தொல்லை. கடைசியாகத் திறந்த டேபின் விவரம் சர்வருக்குப் போய்ச் சேருமுன் லேப்டாப்பை மூடிவிட்டால், அதற்கு முந்தைய நிலைதான் போனில் தெரியும். கரண்ட் போய் வைஃபை ரவுட்டர் அணைந்த நேரத்தில் மூடினாலும் இதுவே நடக்கும். சந்தேகம் இருந்தால் லேப்டாப்பின் முகவரிப் பட்டையில் இதை அடித்துப் பாருங்கள்:

```
chrome://sync-internals
```

அதில் Last Synced என்ற வரி Just now என்று காட்டினால் மூடலாம். தினமும் இதைப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அவசியமான பக்கத்தை மட்டும் வலது கிளிக் செய்து Send to your devices மூலம் போனுக்கு அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். போனில் அறிவிப்பாக வந்து நிற்கும். ஆபீஸ் வைஃபையிலேயே போனில் ஒருமுறை திறந்து, மெனுவில் உள்ள டவுன்லோட் குறியைத் தொட்டுச் சேமித்துவிட்டால் கடலுக்குள் டவர் போன பிறகும் படிக்கலாம். எங்கள் வேலைக்கு அதிகம் உதவியது இந்த ஒரு பழக்கம்தான்.

தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அங்கே போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் கோடு நிறைய இருக்கும், டேட்டா ரோமிங் அணைந்திருப்பதால் ஒரு பைட்டும் நகராது. சிங்க் கெட்டுவிட்டது என்று நினைத்து கணக்கை வெளியேற்றி மறுபடி நுழையாதீர்கள். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, உங்கள் சிம் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்தால் போதும்.

பாஸ்வேர்டில் பிரச்சினை பெரும்பாலும் மாற்றும் நாளில்தான் வரும். லேப்டாப்பில் போர்ட்டலின் பாஸ்வேர்டை மாற்றுகிறீர்கள். புதியதைச் சேமிக்கவா என்று மேலே சின்னப் பெட்டி ஒன்று கேட்கும். வேலை அவசரத்தில் அதைக் கவனிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனால் பழையதே சேமிப்பில் இருக்கும். மறுநாள் ஜெட்டியில் போன் அந்தப் பழையதை நிரப்பும், நீங்கள் திரும்பத் திரும்ப அழுத்துவீர்கள், போர்ட்டல் கணக்கைப் பூட்டிவிடும். மாற்றிய கையோடு லேப்டாப்பில் chrome://password-manager/passwords திறந்து, அந்தத் தளத்துக்குப் புதியது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே தளத்துக்கு இரண்டு பதிவு இருந்தால் பழையதை நீக்குங்கள். விண்டோஸ் பின் தெரிந்த யாரும் இதே பக்கத்தில் உங்கள் பாஸ்வேர்டுகளைப் படிக்க முடியும். மூன்று பேர் கை மாறும் ஆபீஸ் லேப்டாப்பில் வங்கிப் பாஸ்வேர்டுக்கு இடமே கிடையாது.

புக்மார்க்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போனில் சேமிப்பவை பெரும்பாலும் Mobile bookmarks என்ற தனி ஃபோல்டரில் விழும், லேப்டாப்பில் தேடிக் காணோம் என்பவர்கள் அங்கே பார்க்கவும். சேர்ப்பது இரண்டு பக்கமும் போவதைப் போலவே அழிப்பதும் போகும். போனில் கை தவறி ஒரு ஃபோல்டரை நீக்கினால் லேப்டாப்பிலும் போய்விடும். சிங்க் பேக்கப் வேலை செய்யாது. மாதம் ஒருமுறை chrome://bookmarks பக்கத்தில் Export bookmarks கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

சில லேப்டாப்களில் சிங்க்கை இயக்கவே முடியாது. கணக்கில் எந்தக் கோளாறும் இருக்காது. chrome://policy திறந்து SyncDisabled என்ற வரி true என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை நிறுவனம் பூட்டியிருக்கிறது, ஐடி ஆளிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. நிறுவனம் கொடுத்த மெயில் கணக்கில் சிங்க் செய்தால் அந்தக் கணக்கு மூடப்படும் நாளில் சேமித்ததெல்லாம் அதோடு போகும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக் கணக்கு என்றால் லேப்டாப்பில் தனிப் புரொஃபைல் திறந்து அதற்குள் மட்டும் வையுங்கள்.

அந்தத் தனிப் புரொஃபைலின் அருமை லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் தெரியும். பலர் அன்று Delete browsing data போய் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அழிக்கிறார்கள். சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்தால் போனில் உள்ள ஹிஸ்டரியும் சேர்ந்து அழியும், பாஸ்வேர்டுக் கட்டத்தில் டிக் இருந்தால் பாஸ்வேர்டுகளும் போகும். சரியான வரிசை இது: முதலில் போனைத் திறந்து பாஸ்வேர்டும் புக்மார்க்கும் முழுதாக இருக்கிறதா பாருங்கள். பிறகு லேப்டாப்பில் புரொஃபைல் படத்தைத் தொட்டு, புரொஃபைல்களை நிர்வகிக்கும் திரைக்குப் போய், உங்கள் அட்டையின் மூன்று புள்ளியில் Delete கொடுங்கள். அது அந்த மெஷினில் உள்ளதை மட்டும் அழிக்கும், கணக்கில் உள்ளது அப்படியே இருக்கும். கடைசியாகப் போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் Your devices பட்டியலைத் திறந்து, அந்த லேப்டாப்பின் பெயர் இன்னும் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிடுங்கள்.