மழை வாரங்களில் சொட்டுநீர் டைமர்: மாடித்தோட்ட அனுபவம்

மேற்கு தாம்பரத்தில் எங்கள் மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய், கீரை எல்லாமே க்ரோ பேக்கில்தான் வளர்கின்றன. சில வருடங்களாக இவற்றுக்குத் தண்ணீர் விடுவது, பேட்டரியில் ஓடும் ஒரு குழாய் டைமர். கோடையில் ஒருமுறை செட் செய்துவிட்டால் மாதக்கணக்கில் அதன் பக்கம் போக வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் கதை வேறு. அந்த இரண்டு மூன்று மாதங்களில் டைமரை எப்படிக் கையாள்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த டைமர்களில் சில சோலினாய்டு வால்வு கொண்டவை, சில பால் வால்வு கொண்டவை. சோலினாய்டு வகை பெரும்பாலும் குழாயில் ஓரளவு அழுத்தம் இருந்தால்தான் சரியாகத் திறந்து மூடும். பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். மாடியிலேயே இருக்கும் மேல்நிலைத் தொட்டி செடிகளைவிட இரண்டு மீட்டர்தான் உயரம் என்றால் கிடைப்பது 0.2 பார். மோட்டார் பந்தைத் திருப்பித் திறக்கும் பால் வால்வு வகைக்கு இந்த அழுத்தமே போதும். தொட்டித் தண்ணீர்க்காரர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

அழுத்தம் குறைவு என்பதால் டிரிப்பர் மேல் எழுதியிருக்கும் கணக்கையும் நம்பக் கூடாது. மணிக்கு 4 லிட்டர் என்பது ஒரு பார் அழுத்தத்துக்குச் சொன்னது. என் மாடியில் டிரிப்பருக்கு அடியில் அளவுக் கோப்பையை வைத்துப் பத்து நிமிடம் பிடித்தால் 300 மில்லிதான் சேர்கிறது, அதாவது மணிக்கு 1.8 லிட்டர். தொட்டி நிறைந்திருக்கும்போதும் பாதியாக இருக்கும்போதும் இதில் வித்தியாசம் வரும். தொட்டிக்கு அருகே ஒரு டிரிப்பர், குழாயின் கடைசியில் ஒரு டிரிப்பர் என்று இரண்டையாவது அளந்து பார்ப்பது நல்லது. இந்த ஒரு எண் கையில் இருந்தால்தான் நிமிடக் கணக்கு போட முடியும்.

சித்திரை வெயிலில் காய்ப்பில் இருக்கும் தக்காளிக்கு நான் கொடுப்பது காலை 30 நிமிடம், மாலை 20 நிமிடம். இரண்டும் சேர்ந்து ஒன்றரை லிட்டர். மழைக்காலம் வந்ததும் மாலை ஓட்டத்தை எடுத்துவிட்டு, காலையில் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் என்று மாற்றுகிறேன். தினமும் ஐந்து நிமிடம் என்று வைப்பதைவிட இதுவே மேல். ஐந்து நிமிடத் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைக்கும். மேலே பாசி பிடிக்கும், சின்னக் கொசு போன்ற பூச்சிகள் பறக்கும், அடிவேர் மட்டும் காய்ந்து கிடக்கும். அதனால் நிமிடத்தை ரொம்பவும் வெட்டாமல் இடைவெளியைத்தான் நீட்ட வேண்டும்.

என்னுடையது திரை உள்ள டைமர் என்பதால் தொடங்கும் நேரத்தைத் தனியாகக் கொடுக்க முடிகிறது. இரண்டு திருகு மட்டும் உள்ள மலிவான வகைகள் பலவற்றில் அது கிடையாது. நாம் திருகிய நேரமே முதல் ஓட்டம், இடைவெளி அங்கிருந்துதான் எண்ணப்படும். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆறு மணிக்குப் போய்த் திருக வேண்டும். பேட்டரி மாற்றினாலும் அதே கதைதான்.

சரி, மழை பெய்த நாளில் என்ன செய்வது? பெரும்பாலான திரை டைமர்களில் ரெயின் டிலே பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் 24, 48 அல்லது 72 மணி நேரத்துக்கு ஓட்டம் நிற்கும், பிறகு பழைய செட்டிங்கிலேயே தானாகத் தொடங்கும். டைமரை அடியோடு ஆஃப் செய்வதைவிட இது பாதுகாப்பு. எத்தனை மணி நேரம் என்று தீர்மானிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஓர் அடி விட்டமுள்ள பையின் வாய் சுமார் 0.07 சதுர மீட்டர். ஆக 5 மி.மீ. மழையில் பைக்குள் விழுவது 350 மில்லி. சாலையெல்லாம் நனைந்திருக்கும், ஆனால் செடிக்கு ஒரு வேளைத் தண்ணீர்கூட இல்லை. அதிலும் அகன்ற இலையுள்ள கத்தரி குடை பிடித்ததுபோல் பாதியைப் பைக்கு வெளியே தள்ளிவிடும். எனவே தூறலுக்கெல்லாம் நான் பட்டனைத் தொடுவதில்லை.

20 மி.மீ. பெய்தால் பைக்கு 1.4 லிட்டர். அப்போது 48 மணி நேரம் நிறுத்துகிறேன். 100 மி.மீ. கொட்டினால் ஐந்து மடங்கு நாட்கள் நிறுத்தலாமே என்று தோன்றும். அப்படி இல்லை. பை தாங்கும் அளவு தாங்கிவிட்டு மிச்சத்தை அடித்துளை வழியாக விட்டுவிடும், கூடவே உரத்தையும் கரைத்துக்கொண்டு போகும். எவ்வளவு பெரிய மழையாக இருந்தாலும் கடைசித் துளி விழுந்த நேரத்திலிருந்துதான் நாள் எண்ண வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்து வெயில் அடிக்கத் தொடங்கியபின், தேங்காய் நார்க் கலவை அதிகமுள்ள பைகள் மூன்றாம் நாளே மேலே வெளுத்துவிட்டன. தொடர்மழையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிலே என்பது நாம் அழுத்திய நேரத்திலிருந்து ஓடும். நடுமழையில் அது முடிந்து டைமர் தண்ணீர் விடத் தொடங்கிவிடும். மழை விடும்வரை அதை மறுபடி மறுபடி புதுப்பிக்க வேண்டும்.

மழையை அளக்க, நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவைத் திறந்த இடத்தில் வைத்து ஸ்கேலை விட்டுப் பார்த்தால் போதும். வானிலை மையம் சொல்லும் நுங்கம்பாக்கம் மழை நம் மாடியில் பெய்திருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கில் சந்தேகம் வந்தால் பையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். கனமாக அசையாமல் இருந்தால் இன்னொரு நாள் தள்ளலாம், லேசாக எழும்பினால் உடனே விட வேண்டும். செடி வாடியிருந்தால் அவசரப்பட்டு டைமரைத் தட்டிவிடாதீர்கள். இரண்டு அங்குலம் விரலை விட்டு, உள்ளே ஈரம் இருந்தால் அது வேர் மூச்சுமுட்டி வாடுகிறது. அடி இலைகள் மஞ்சளாவதும் அதனால்தான்.

பலர் விட்டுவிடுவது சன்ஷேடுக்கு அடியிலும் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் இருக்கும் பைகளை. ஊரே மிதக்கும்போதும் அவற்றுக்கு மழை விழாது. டைமருக்கு மேலேயே குழாயில் ஒரு டீ போட்டு, இந்த வரிசைக்குத் தனிக் குழாயும் கைவால்வும் வைத்திருக்கிறேன். டைமர் டிலேயில் இருக்கும்போது அந்த வால்வை மட்டும் இருபது நிமிடம் திறந்து மூடுவேன். இரண்டு வழி டைமர் வாங்கினால் இதையும் தானாக ஓட விடலாம்.

நீண்ட நாள் நிறுத்தி வைத்தால் போர் தண்ணீரின் உப்பு டிரிப்பர் வாயில் காய்ந்து வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். அதனால் எவ்வளவு மழை என்றாலும் வாரம் ஒருமுறை குழாய்க் கடைசியில் இருக்கும் மூடியைக் கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு, ஃபில்டரையும் கழுவிவிடுகிறேன். பேட்டரியை மழை தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். சார்ஜ் இறங்கும்போது வால்வைத் தானே மூடிவிட்டு நிற்கும் டைமர்களும் உண்டு, திறந்த நிலையிலேயே நின்றுபோகும் டைமர்களும் உண்டு. இரண்டாவது வகை என்றால் காலையில் மேல்நிலைத் தொட்டியே காலியாக இருக்கும். எது உங்களுடையது என்று தெரிய, ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய பேட்டரிகளைப் போட்டுப் பார்ப்பதைவிட, கையேட்டில் லோ பேட்டரி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கும் முன்பே படித்துவிடுவது சுலபம்.

தை பிறந்து பனி விழத் தொடங்கியதும் தினமும் காலை 20 நிமிடத்துக்குத் திரும்பிவிடுகிறேன். மாலை ஓட்டம் பங்குனியில்தான் மறுபடி வரும்.