வேற்றுமைத்தொகையா, உருபும் பயனும் உடன்தொக்க தொகையா?

‘நீர் பருகினான்’, ‘நீர்க்குடம்’ இரண்டிலும் மறைந்திருப்பது ‘ஐ’ என்ற உருபுதான். ஆனாலும் விடை வேறு.

முதலாவதை ‘நீரைப் பருகினான்’ என்று விரித்தாலே பொருள் நிறைந்துவிடும். அதனால் அது இரண்டாம் வேற்றுமைத்தொகை. ‘நீரைக் குடம்’ என்று சொல்லிப் பாருங்கள், நிற்காது. ‘நீரை உடைய குடம்’ என்றால்தான் சரி. உருபோடு ‘உடைய’ என்ற பயனும் மறைந்திருப்பதால், இது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

‘பொற்குடம்’ வந்தால் கவனம்! குடம் அதேதான், ஆனால் விரிவு ‘பொன்னால் ஆகிய குடம்’. அப்போது அது மூன்றாம் வேற்றுமை. ஆகவே உருபை மட்டும் சேர்த்துப் படிப்பதே என் முதல் சோதனை. தடுக்கினால் அப்புறம் பயனைத் தேடலாம்.