இன்றிரவு எதை விளையாடுவது: மூன்று கேள்வியா, சக்கரமா, மணிக்கணக்கா?

என் ஸ்டீம் கணக்கில் இன்னும் திறக்காத கணினி ஆட்டங்கள் 134 இருக்கின்றன. பெரும்பாலானவை தள்ளுபடியில் வாங்கியவை. இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கும். அதில் இருபது நிமிடம் பட்டியலை உருட்டியே போய்விடும், கடைசியில் ஏற்கெனவே நூறு மணி நேரம் ஆடியதையே திரும்பத் திறப்பேன். இதற்கு வழி தேடி நான்கு முறைகளை மாறி மாறிப் பார்த்தேன். இப்போது நிலைத்திருப்பது மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு சிறு படிவம். அதில் எனக்குச் சாய்வு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சக்கரம் சுற்றிக் குலுக்கல் முறையில் எடுப்பது எளிது, பராமரிப்பும் கிடையாது. ஆனால் அது சோர்ந்து வந்த இரவில் டிஸ்கோ எலிசியத்தை நீட்டும். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டிய ஆட்டம் அது. 'இன்னொரு முறை சுற்றுவோம்' என்று மூன்று தடவை சுற்றிய பிறகு, அதுவும் பட்டியலை உருட்டுவது போலத்தான். ஸ்டீமிலேயே இருக்கும் 'Play Next' வரிசை அதைவிடப் பரவாயில்லை. நம்மிடம் இருந்தும் தொடாத ஆட்டங்களிலிருந்து நம் ரசனைக்கு ஏற்றதைக் காட்டுகிறது. ஆனால் அதற்குத் தெரிவது நம் ரசனை. இன்றைக்குத் தலைவலி என்று அதற்குத் தெரியாது.

மணிக்கணக்கு முறைதான் நீண்ட நாள் என்னைப் பிடித்து வைத்திருந்தது. ஹவ் லாங் டு பீட் தளத்தில் ஒவ்வோர் ஆட்டத்தையும் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆடியவர்களே பதிந்திருப்பார்கள். ஸ்டீம் பட்டியலை அங்கே ஏற்றி, குறைந்த நேரத்தில் முடிவதிலிருந்து தொடங்கலாம். ஏ ஷார்ட் ஹைக், ஃபயர்வாட்ச் இரண்டையும் இப்படித்தான் முடித்தேன். அதற்கு நன்றி. சிக்கல் அடுத்த படியில் வந்தது. செலஸ்ட், ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் இரண்டும் அங்கே ஏறத்தாழ எட்டு மணி நேரம்தான். செலஸ்டில் ஒவ்வோர் அறையும் தனிச் சவால். ஐந்து நிமிடம் ஆடி நிறுத்தினாலும் அதே அறையிலிருந்து தொடரலாம். ஓப்ரா டின்னில் ஒரு கப்பலில் இருந்த 60 பேர் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று துப்புகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் முகமும் பெயரும் மறந்து, நூல் அறுந்துவிடும். எட்டு மணி என்ற எண் இரண்டுக்கும் ஒன்று, ஆனால் இரண்டும் கேட்கும் மாலைப்பொழுது வேறு. மொத்த நீளத்தை வைத்து இன்றிரவை முடிவு செய்ய முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்புறம்தான் படிவத்துக்கு வந்தேன். முதலில் ஒன்பது கேள்விகள் எழுதினேன். அது தவறு. எல்லாக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில் என்று வையுங்கள். மூன்று கேள்விக்கு எட்டுப் பெட்டிகள் வரும். 40 ஆட்டங்களைப் பிரித்தால் பெட்டிக்குச் சராசரியாக ஐந்து. ஐந்தில் ஒன்றைக் கண்ணாலேயே எடுத்துவிடலாம். கேள்வி ஐந்தானால் பெட்டிகள் 32, பாதிக்கு மேல் காலியாகவோ ஒற்றை ஆட்டத்தோடோ கிடக்கும். 'எந்த வகை ஆட்டம் வேண்டும்' என்ற கேள்வியையும் எடுத்துவிட்டேன். மனநிலை வகையாக வருவதில்லை.

மிஞ்சியவை இவை. திடீரென்று எழ வேண்டிவருமா? படிக்க, யோசிக்கத் தெம்பு இருக்கிறதா? திரும்பத் திரும்பத் தோற்றால் தாங்குமா?

பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதால் முதல் கேள்விதான் எனக்கு முக்கியம். ஹேட்ஸில் வெளியேறினால் அதே அறையின் தொடக்கத்திலிருந்து தொடரும். ஹாலோ நைட்டில் கண்டெடுத்த பொருள்கள் இருக்கும், ஆனால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சுக்கே திரும்புவோம். அங்கிருந்து வந்த வழியெல்லாம் மறுபடி நடக்க வேண்டும். அதனால் ஹேட்ஸ் 'ஆம்', ஹாலோ நைட் 'இல்லை'. எழ வேண்டாத இரவுகள் எனக்கு மாதத்தில் மூன்றோ நான்கோதான். அந்த இரவுகளில் நிறுத்த முடியாதவை மட்டும் வரட்டும் என்றே கறாராகப் பிரித்திருக்கிறேன்.

கூகுள் ஷீட்டில் A நிரலில் பெயர், B, C, D நிரல்களில் மூன்று கேள்விகளுக்கும் அந்த ஆட்டத்துக்கான ஆம் அல்லது இல்லை. இன்றைய பதில்களை F1, F2, F3 கட்டங்களில் தட்டினால் போதும்:

```
=FILTER(A2:A41, B2:B41=F1, C2:C41=F2, D2:D41=F3)
```

போன செவ்வாய் இரவு 10:15. எழ வேண்டிவரலாம், ஆம். தெம்பு, இல்லை. தோற்றால் தாங்கும், ஆம். செலஸ்டும் ஹேட்ஸும் இன்னும் இரண்டும் வந்தன. செலஸ்டைத் திறந்தேன். 40 நிமிடத்தில் குழந்தை அழுதது, அப்படியே நிறுத்திவிட்டுப் போனேன். மறுநாள் அதே அறையில் தொடர்ந்தேன். பெட்டி காலியாக இருந்தால் `#N/A` என்று வரும். அப்போது மூன்றாம் பதிலை மட்டும் மாற்றிப் பார்ப்பேன். முதல் பதிலை மாற்ற மாட்டேன், ஏனென்றால் அது மனநிலை இல்லை, வீட்டு நிலவரம்.

இந்த முறை நிற்பதும் விழுவதும் பராமரிப்பில்தான். சக்கரத்துக்குப் பெயர்ப் பட்டியல் போதும். இங்கே ஒவ்வோர் ஆட்டத்துக்கும், அதை ஆடுவதற்கு முன்பே, மூன்று பதில் எழுதியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை 134-க்கும் எழுத உட்கார்ந்தேன். ஐம்பதைத் தாண்டியதும் சலித்துவிட்டது, கடைசியாக எழுதியவற்றில் பாதி ஊகம். இரண்டு வாரத்தில் படிவம் பொய் சொல்லத் தொடங்கியது. அமைதியானது என்று குறித்தது அரை மணியில் ஆறு முறை சாகடித்தது. அதை நம்பாமல் விட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை 40 ஆட்டங்களோடு நிறுத்தினேன். மற்றவை வெளியே காத்திருக்கட்டும். ஒன்று முடிந்தாலோ விலக்கினாலோதான் புதிது ஒன்று உள்ளே வரும். குறிப்பதற்கு நான் பார்ப்பது கடைப் பக்கத்தின் பாராட்டுகளை அல்ல. குறை சொல்லும் விமர்சனங்கள் இரண்டு படித்தால் போதும். 'சேவ் பாயிண்ட் ரொம்பத் தூரம்', 'ஒரே பேச்சு' என்று எரிச்சலோடு எழுதியிருப்பார்கள். எனக்கு வேண்டிய மூன்று பதிலும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். முதல் முறை ஆடி முடித்ததும் பதில்களைத் திருத்துவேன். ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ஏதாவது மாறுகிறது. மாதத்துக்குப் பத்து நிமிட வேலை.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன். வந்ததைக் குறைந்தது 25 நிமிடம் ஆட வேண்டும். இரண்டு இரவு அதற்கு முன்பே மூடினால் அந்த ஆட்டம் பட்டியலை விட்டுப் போகும். முடிவைப் பார்த்ததும் 'ஐயோ, இதுவா' என்று தோன்றினால் அந்த இரவு பதிலில் நான் உண்மையாக இல்லை என்று அர்த்தம். அநேகமாக இரண்டாம் கேள்விக்கு, தெம்பு இல்லாமலேயே ஆம் என்று தட்டியிருப்பேன்.

ஐந்து மாத அனுபவம்தான் இது, அதுவும் தனியாக ஆடுபவனின் அனுபவம். நண்பர்களோடு ஆடுகிறவர்களுக்கு அன்று யார் வருகிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கலாம். மாதச் சந்தாவில் ஆட்டங்கள் வந்து போகும் இடத்தில் நீளம் உண்மையாகவே முக்கியம், அங்கே மணிக்கணக்கு முறையையே நான் எடுப்பேன். முப்பதுக்கும் குறைவாக வைத்திருப்பவருக்குப் படிவம் தேவையில்லை, சக்கரமே போதும். எனக்கு இந்த ஐந்து மாதத்தில் ஒன்பது ஆட்டங்கள் முடிந்திருக்கின்றன. ஓப்ரா டின் இன்னும் அதன் பெட்டியில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மனைவியும் குழந்தையும் ஊருக்குப் போகும் நான்கு நாள் அதற்கு.