சித்தப்பா கடையின் பணவோட்டக் கணக்கு: மூன்று வருட அனுபவம்

லிட்டில் இந்தியாவில் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. "லாபம் இருக்குன்னு சொல்றே, வாடகை கொடுக்கப் பணம் எங்கடா?" என்று அவர் கேட்டதில்தான் இது தொடங்கியது. மூன்று வருடமாக மாதம் தவறாமல் பேங்க் ஸ்டேட்மெண்டையும் ரொக்கப் புத்தகத்தையும் வைத்து நேரடி முறையில் பணவோட்ட அறிக்கை போடுகிறேன்.

இரண்டிலும் உள்ள வரிகளை ஒரே தாளில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை கொடுப்பேன்: விற்பனை, சரக்கு, வாடகை, சம்பளமும் மசேநிதியும், சொந்தச் செலவுக்கு எடுத்தது. வரவு கூட்டல், செலவு கழித்தல்.

ஆரம்பத்தில் ஒரு மாதம் கல்லாவில் 14,200 வெள்ளி விற்பனை, நெட்ஸ், பேநவ் வழியாக 11,600. மொத்தம் 25,800. என் அறிக்கையோ 35,600 என்றது. கல்லாவிலிருந்து வங்கியில் கட்டிய 9,800 வெள்ளியை ஸ்டேட்மெண்டில் வரவாகவும், ரொக்கப் புத்தகத்தில் செலவாகவும் சேர்த்திருந்தேன். இதில் பயங்கரம் என்னவென்றால், இறுதி இருப்பு சரியாகவே வந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வீங்கியதால் நிகரம் மாறவில்லை. இருப்பு ஒத்துப்போனதே என்று விட்டிருந்தால் தெரிந்திருக்காது. விற்பனையைக் கல்லா ரசீதோடு ஒப்பிட்டதால்தான் பிடிபட்டது.

அப்புறம் 'எதிர்ப்பதிவு' என்று தனி வகை வைத்தேன். கல்லாவும் வங்கியும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பணமெல்லாம் அதற்குள். தொகை C-யில், வகை D-யில்:

```
=SUMIF(D:D,"எதிர்ப்பதிவு",C:C)
```

விடை பூஜ்யமாக வரவேண்டும். அந்த மாதத்தைத் திருத்திப் போட்டேன். வரவு 25,800, கடைச் செலவு 22,350, கடை தந்த பணம் 3,450. சித்தப்பா வீட்டுக்கு எடுத்தது 2,000. மீதி 1,450. தொடக்கத்தில் கல்லாவும் வங்கியும் சேர்ந்து 19,650, முடிவில் 21,100. சரியாக அமர்ந்தது.

சில மாதங்களில் அந்த விடை பூஜ்யம் ஆகாது. ஒருமுறை 1,200 குறைவாக நின்றது. 31 ஆம் தேதி இரவு "வங்கிக்கு" என்று எழுதிவிட்டுப் பணத்தைப் பையில் வைத்திருந்து, மறுநாள் காலையில்தான் இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். அது தப்பில்லை, வழியில் உள்ள பணம் என்று மாத இறுதி ரொக்கத்தோடு சேர்த்துவிடுவேன். அடுத்த மாத ஸ்டேட்மெண்டின் முதல் சில வரிகளில் அந்தத் தொகை வந்தால் சரி. வராவிட்டால் உடனே தேடவேண்டும்.

நெட்ஸ் பணம் கட்டணம் கழிந்துதான் கணக்கில் விழுகிறது. எனவே வந்த தொகையையே விற்பனை வரவாக வைக்கிறேன்.

இந்த முறையால் பிடிக்கவே முடியாத ஒன்று உண்டு. காய்கறிக்காரருக்குக் கல்லாவிலிருந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி "இன்றைய விற்பனை" என்று எழுதினால், விற்பனையும் சரக்கும் இரண்டுமே குறையும், இருப்பு ஒத்துப்போகும். சித்தியிடம் சொல்லி, கல்லாவிலிருந்து எடுக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டு போட வைத்தேன். இரவு எண்ணும்போது அந்தச் சீட்டுகளும் பணத்தோடு சேர்த்து எண்ணப்படுகின்றன.