சுத்தியல் அடியை எண்ணுவதா, பாரம் ஏற்றிப் பார்ப்பதா?

நவி மும்பையில் கழிமுகத்தை ஒட்டிய மனைகளில் பைல், அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண், அடிக்கும்போது ஒரே வாக்குவாதம் திரும்பத் திரும்ப வரும். எங்கள் தளத்தில் பைல் கும்பலை மேய்க்கும் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், தாராவியில் குடியிருப்பவர். “சேத்துல கால் வெச்ச மாதிரி இறங்குது சார், இன்னொரு துண்டு சேத்து அடிச்சிரலாமா?” என்று கேட்பார். சுத்தியல் அடியை வைத்துக் கணக்குப் போட்டால் அவர் கேட்பது நியாயம். பைல் மேல் பாரம் ஏற்றிப் பார்த்தால் அந்தத் துண்டு தேவைப்படாமலே போகலாம். இந்த இரண்டு வழிகளையும் ஒரே பைலில் வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்த மாதிரி மண்ணில் வரக்கூடியவைதான்.

350 மி.மீ. சதுரம், 18 மீட்டர் நீளம், முன்வார்ப்பு கான்கிரீட் பைல். மேலே 8 மீட்டர் கொழகொழவென்ற கடல் களிமண், அதற்குக் கீழே கெட்டியான களிமண். பைலும் அதன் தலையில் கவிழ்க்கும் ஹெல்மெட்டும் சேர்த்து எடை 60 கிலோநியூட்டன். சுத்தியல் 50 கிலோநியூட்டன், வின்ச்சில் தூக்கி 1.2 மீட்டரிலிருந்து விடுகிறோம். வடிவமைப்புப் பாரம் 600 கிலோநியூட்டன். கடைசிப் பத்து அடியில் பைல் 150 மி.மீ. இறங்கியது. அதாவது ஓர் அடிக்கு 15 மி.மீ. இதைத்தான் செட் என்கிறோம்.

முதலில் சுத்தியல் கணக்கு. இதன் அடிப்படை எளிது: சுத்தியல் கொடுத்த ஆற்றல், மண்ணின் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு பைல் போன தூரத்தில் செலவாகிறது. ஆற்றல் தெரியும், தூரம் தெரியும், ஆகவே எதிர்ப்பு தெரிந்துவிடும். 1880களில் பொறியாளர் ஆர்தர் வெலிங்டன் சொன்ன சூத்திரம் இப்படிப்பட்டது. மரப் பைல்களை விழு சுத்தியலால் அடித்த காலத்து விஷயம். மில்லிமீட்டரில் எழுதினால்:

```
P = W*H / (6*(s + 25))
```

P தாங்கும் பாரம், W சுத்தியலின் எடை, H அது விழும் உயரம், s செட். ஆறு என்பது பாதுகாப்புக் காரணி. நம் பைலுக்கு 50 × 1200 வகுத்தல் 6 × 40. கிடைப்பது 250 கிலோநியூட்டன்.

பைல்களுக்கான நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 2911 பல காலமாகச் சொல்லிவந்த ஹைலி சூத்திரம் இன்னும் கவனமானது. அடிபடும்போது வீணாகும் ஆற்றலையும், பைலும் மண்ணும் ஒரு கணம் அமுங்கி மீள்வதையும் அது கழிக்கிறது:

```
R = W*h*n / (s + C/2)
```

இதில் R என்பது மண்ணின் முழு எதிர்ப்பு. h என்பது உண்மையில் பயன்படும் வீழ்ச்சி. வின்ச்சில் கட்டிய சுத்தியலுக்கு 80 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே 0.96 மீட்டர். n என்பது மோதலில் மிஞ்சும் பங்கு. நம் எடைகளுக்கும், அடி எவ்வளவு துள்ளும் என்று சொல்லும் மோதல் கெழுவுக்கும் அது 0.49 வருகிறது, பாதிக்கும் மேல் மோதலிலேயே போய்விடுகிறது. C என்பது தற்காலிக அமுக்கம். பைலில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்தில் அசையாத சட்டத்தின் மேல் பென்சிலை நகர்த்தினால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கொம்பு மாதிரி கோடு விழும். அதிலிருந்து அளப்போம். (சுத்தியல் தலைக்கு மேல் தொங்க, பென்சிலோடு நிற்பவனைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பதைபதைப்புதான்.) ஹெல்மெட்டின் மேல் அடியை வாங்கும் டாலி கட்டை அமுங்குவதையும் சேர்த்து C 10 மி.மீ. என்று வைத்தால் R சுமார் 1170. பாதுகாப்புக் காரணி இரண்டரையால் வகுத்தால் 470 கிலோநியூட்டன்.

ஒரே பைல், ஒரே அடி, இரண்டு சூத்திரம். ஒன்று 250 என்கிறது, மற்றது 470 என்கிறது. இரண்டுமே 600-ஐத் தொடவில்லை. அதனால்தான் சூப்பர்வைசர் இன்னொரு துண்டு கேட்கிறார்.

ஹைலி நெருக்கமாகத் தெரிந்தாலும் அதன் உள்ளே இருக்கும் எண்களை நம்புவது கஷ்டம். அந்த 80 சதவீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த கயிறு, சரியாக விடாத கிளட்ச், சுத்தியலுக்கு வழிகாட்டும் லீடர் சட்டம் லேசாகச் சாய்ந்து, அதில் உரசிக்கொண்டு விழும் சுத்தியல். இவை எல்லாம் சேர்ந்து அது 60 சதவீதமாக இருந்தால், 470 உடனே 350 ஆகிவிடும். பைல் மாறவில்லை, மண் மாறவில்லை. மாறியது நம் அனுமானம் மட்டும். இன்னொரு வேடிக்கை: பைலை நீளமாக்கினால் எடை கூடும், n குறையும். அதே செட் வந்தாலும் சூத்திரம் குறைவான பலத்தைக் காட்டும்.

இதற்குக் காரணம், இந்தச் சூத்திரங்கள் சுத்தியலையும் பைலையும் மோதிக்கொள்ளும் இரண்டு திடமான பந்துகளாகப் பார்ப்பதுதான். 18 மீட்டர் கான்கிரீட்டில் அடியின் அதிர்வு வினாடிக்குச் சுமார் 4000 மீட்டர் வேகத்தில் போகிறது. அடிமுனைக்குப் போய்த் திரும்பி வர 9 மில்லிவினாடி. தலையில் அடி விழுந்தது அடிமுனைக்குத் தெரிவதற்குள் தலை வேறு நிலைக்குப் போயிருக்கும். 1960-ல் பொறியாளர் ஸ்மித் அலைச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்கும் முறையை வெளியிட்டது இந்தக் குறையைச் சரிசெய்யத்தான். பைல் தலையில் உணரிகள் பொருத்தி விசையையும் வேகத்தையும் அளக்கும் இன்றைய பிடிஏ சோதனைக்கு அதே வழி அடிப்படை. சூத்திரத்தை விட அது எவ்வளவோ மேல்.

ஆனால் களிமண்ணில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சுத்தியல் அளப்பது அடிக்கும் அந்த நொடியின் எதிர்ப்பை. கட்டடம் உட்காரப்போவது மாதங்கள் கழித்து. பைல் இறங்கும்போது சுற்றியுள்ள களிமண் பிசையப்படுகிறது, அதன் கட்டு உடைகிறது, துளைகளில் உள்ள நீரின் அழுத்தம் ஏறுகிறது. அந்த நேரத்தில் பைலைப் பிடிக்கும் உராய்வு மிகக் குறைவு. பிறகு நாட்கள் போகப் போக நீரழுத்தம் வடியும், மண் இறுகிப் பைலைக் கவ்வும். அதே பைலைச் சில வாரம் விட்டு மறுபடி அடித்தால் முதல் சில அடிகளில் செட் 15-லிருந்து 6 மி.மீ. ஆகக் குறையலாம். C 12 என்று வைத்தால் அதே ஹைலி இப்போது 780 சொல்லும். தொடர்ந்து அடித்தால் மண் மறுபடி பிசையப்படும், ஆகவே முதல் சில அடிகளோடு நிறுத்திவிட வேண்டும்.

இதன் எதிர்த்திசை ஆபத்தானது. நீர் நிறைந்த இறுக்கமான நுண்மணலிலும் சில சிதைந்த பாறைகளிலும் அடிக்கும்போது எதிர்ப்பு ஏறி, பிறகு தளர்ந்துவிடும். அல்லது நிரப்பு மண்ணில் புதைந்த கருங்கல்லில் பைல் முட்டி நிற்கும். சுத்தியல் எகிறும், செட் 2 மி.மீ. காட்டும், சூத்திரம் பெரிய எண்ணைக் கொடுக்கும். கல்லுக்குக் கீழே சேறுதான். பக்கத்துப் பைல்கள் 18 மீட்டர் போயிருக்க இது மட்டும் 7 மீட்டரில் நின்றால் சந்தேகப்பட வேண்டும். நன்றாக நின்ற பைல் திடீரென்று மறுபடி இறங்க ஆரம்பித்தாலும் அப்படியே. அங்கே பைல் உடைந்திருக்கலாம்.

இனி பாரச் சோதனை. நம் பைலுக்கு வடிவமைப்புப் பாரத்தின் இரண்டரை மடங்கு, 1500 கிலோநியூட்டன் வரை ஏற்ற வேண்டும். எதிர்த்துத் தாங்கும் பாரம் அதைவிடக் கால் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. கிட்டத்தட்ட 190 டன் கான்கிரீட் கட்டிகளோ மணல் மூட்டைகளோ. மும்பைப் போக்குவரத்தில் இதைக் கொண்டுவருவதே தனி வேலை. அந்த மேடைக்கும் பைலுக்கும் நடுவில் ஜாக் வைத்து, வடிவமைப்புப் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்காக ஏற்றிக்கொண்டே போவோம். ஒவ்வொரு படியிலும் இறக்கம் அடங்கும்வரையோ இரண்டு மணி நேரம் வரையோ காத்திருந்து, டயல் கேஜில் 0.01 மி.மீ. வரை படிப்போம். கடைசிப் பாரத்தை 24 மணி நேரம் வைத்திருப்போம்.

பைல் அடித்துச் சில வாரங்களுக்குப் பிறகு செய்த சோதனையில், 600-ல் இறக்கம் 3 மி.மீ., 1350-ல் 12 மி.மீ., 1500-ல் 35 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐ.எஸ். 2911 பகுதி 4 இரண்டு கணக்கைக் கேட்கிறது. 12 மி.மீ. இறங்கிய பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு: 900. பைல் அகலத்தில் பத்தில் ஒன்று, அதாவது 35 மி.மீ. இறங்கிய பாரத்தில் பாதி: 750. குறைந்தது எதுவோ அதுதான் பாதுகாப்பான பாரம். 750, தேவைப்பட்ட 600-ஐத் தாண்டிவிட்டது.

அடி எண்ணிக்கையை நம்பி 6 மீட்டர் துண்டு சேர்த்திருந்தால், 200 பைலுக்கு 1200 மீட்டர் வீண். ஒரு சோதனையின் செலவு அதன் முன் சிறியது. இங்கே ஆற்றலை ஊகிக்க வேண்டாம், மோதல் கெழுவைப் பட்டியலில் தேட வேண்டாம். கட்டடம் எப்படி மெதுவாக அழுத்துமோ அப்படி அழுத்தி, எவ்வளவு இறங்கியது என்று நேரடியாகப் பார்க்கிறோம். எந்தச் சுத்தியல் சூத்திரமும் இறக்கத்தைச் சொல்வதில்லை.

பாரச் சோதனையிலும் ஏமாறலாம். டயல் கேஜைத் தாங்கும் சட்டம் வெயிலில் நீண்டு வளைந்தால் இறக்கம் தப்பாகத் தெரியும். அதற்கு நிழல் போட வேண்டும். அழுத்தமானியின் அளவீட்டுச் சான்று பழசா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம், 200 பைலில் சோதிப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான். மீதிப் பைல்களுக்கு நான் செட்டையே பயன்படுத்துகிறேன். சோதித்த பைலில் என்ன சுத்தியல், என்ன உயரம், என்ன செட் வந்ததோ அதை அந்தத் தளத்துக்கான அடையாளமாக வைத்து, அதிலிருந்து விலகும் பைலைத் தனியாகக் குறித்துக்கொள்வேன். சூத்திரத்துக்கு நான் கொடுக்கும் வேலை அவ்வளவுதான்.

கழிமுகத்தை மேடாக்கப் புதிதாக மண் கொட்டியிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலே உள்ள 8 மீட்டர் களிமண் வருடக்கணக்கில் அமுங்கி, பைலைக் கீழே இழுக்கும். பைலின் சுற்றளவு 1.4 மீட்டர், ஒட்டுதல் சதுர மீட்டருக்கு 15 கிலோநியூட்டன் என்றால் இழுப்பு சுமார் 170. சில நாளில் முடியும் சோதனையில் அதே களிமண் பைலைத் தாங்கிப் பிடித்தது. ஆகவே 1500-லிருந்து 170-ஐக் கழித்து, பாதியாக்கி, மறுபடி 170-ஐக் கழிக்கிறேன். மிஞ்சுவது சுமார் 495. சோதனையில் தேறிய பைல் அந்த மனையில் 600-ஐத் தாங்காது. அங்கே சூப்பர்வைசர் கேட்ட துண்டைச் சேர்க்கலாம். அல்லது மேல் 8 மீட்டருக்குத் தார் பூசிய பைலை அடித்து, இழுப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.