ஒரு தெருவைப் பற்றி நான்கு விதமாகக் கேட்கலாம்

கணக்கெடுப்புக்குப் போகும் கல்லூரி மாணவர்களுக்குப் படிவம் பார்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அண்மையில் மதுரைத் தெற்கு மாசி வீதியைப் பற்றி ஒரு குழு கொண்டு வந்த படிவத்தின் முதல் கேள்வி இது:

"புகையாலும் நெரிசலாலும் பொதுமக்கள் அவதிப்படும் தெற்கு மாசி வீதியில் மாலை நேரத்தில் வண்டிகளைத் தடை செய்வது நல்லதுதானே?" (ஆமாம் / இல்லை)

தீபாவளி நேரத்தில் விளக்குத்தூண் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் எல்லோரும் இதற்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அது அவதியைப் பற்றிய பதில், தடையைப் பற்றியது அல்ல. இந்தக் கேள்வியில் மூன்று இடங்கள் பதிலை ஆமாம் பக்கம் தள்ளுகின்றன: 'அவதிப்படும்' என்ற வருணனை, 'நல்லது' என்ற தீர்ப்பு, கடைசியில் ஒட்டியிருக்கும் 'தானே'. இதைத் திருத்த மாணவர்களும் நானுமாக நான்கு வடிவங்கள் எழுதிப் பார்த்தோம்.

முதல் வடிவம், இந்த மூன்றையும் வழித்து எடுத்தது:

"தெற்கு மாசி வீதியில் மாலை 5 முதல் 9 மணி வரை வண்டிகளைத் தடை செய்ய வேண்டும். இதை ஏற்கிறீர்களா?"

பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. பெரும்பாலானோர் இந்த இடத்தில் திருத்துவதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது போதாது. ஒரு கருத்தைச் சொல்லி 'ஏற்கிறீர்களா' என்று கேட்டால், கருத்து எதுவானாலும் ஆமாம் சொல்லும் பக்கம் கொஞ்சம் கனத்துவிடும். நம் ஊரில் அதற்கு மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. வெயிலில் வந்து நிற்கும் பிள்ளையிடம், "இல்லப்பா, நான் ஏத்துக்கல" என்று சொல்லப் பலருக்கு மனம் வராது.

'தடை' என்ற சொல்லும் சும்மா இருப்பதில்லை. 1941-இல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ரக் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று ஒரு பாதிப் பேரிடமும், அவற்றை அனுமதிக்க வேண்டுமா என்று மறுபாதியிடமும் கேட்டார்கள். தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 54 சதவீதம். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 75 சதவீதம். தடை செய்வதும் அனுமதிக்காததும் நடைமுறையில் ஒன்றுதான். ஆனாலும் 'தடை' காதில் கடுமையாக விழுவதால் ஆட்கள் பின்வாங்கினார்கள். ஆக, நம் மாணவர்களின் கேள்வியில் 'அவதி' ஒரு பக்கம் இழுக்க, 'தடை' எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நம்பி விடுவதற்கில்லை. எது எவ்வளவு இழுத்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

இரண்டாவது வடிவம், இரு பக்கத்தையும் கேள்விக்குள்ளேயே சொல்லிவிடுவது:

"மாலை 5 முதல் 9 வரை வண்டிகளை விடாமல் இருப்பதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?"

இது முதலாவதைவிட நிச்சயம் மேல். ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய பிரிட்டனின் பொதுவாக்கெடுப்பிலும் இதே திருத்தம் நடந்தது. முதலில் எழுதிய கேள்வி, ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டு, ஆம், இல்லை என்று முடிந்தது. 2015-இல் அந்நாட்டுத் தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி, நீடிக்க வேண்டுமா அல்லது விலக வேண்டுமா என்று இரண்டையும் எழுதினார்கள். எதிர்ப்பக்கத்துக்கும் கேள்வியிலேயே ஒரு பெயர் இருந்தால், அதைச் சொல்வது முகத்தில் அடித்த மாதிரி இருக்காது. குறை ஒன்றுதான்: 'ஆதரிப்பது', 'எதிர்ப்பது' இரண்டும் மேடைச் சொற்கள். ஜவுளி எடுக்க வந்தவரைக் கட்சிக்காரர் ஆக்கிவிடுகின்றன.

மூன்றாவது வடிவம் மாணவர்களுக்கு ரொம்பப் பிடித்தது:

"வண்டி வராவிட்டால் நிம்மதியாக நடக்கலாம் என்கிறார்கள் சிலர். வண்டி வராவிட்டால் கடைகளுக்குச் சரக்கும் ஆளும் வருவது சிரமம் என்கிறார்கள் வேறு சிலர். உங்கள் கருத்து எது?"

நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எந்த இரண்டு காரணங்களை எடுத்து வைப்பது என்று முடிவு செய்கிறவர் நாம். சரக்குக்குப் பதிலாக வயதானவர்களை எழுதினால் எண்ணிக்கை மாறும். 2003-இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் ஈராக் மீது ராணுவ நடவடிக்கை வேண்டுமா என்று கேட்டபோது 68 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆயிரக்கணக்கில் அமெரிக்கப் படையினர் பலியாகவோ காயமடையவோ நேர்ந்தாலும் ஆதரிப்பீர்களா என்று கேட்டபோது அது 43 ஆக இறங்கியது. ஒரு காரணம் சேர்த்ததற்கு இந்த விலை. நீளமும் ஒரு சிக்கல். நடைபாதையில் நின்று காதால் கேட்பவருக்குக் கடைசியாகக் கேட்டதுதான் நினைவில் நிற்கும்.

நான்காவது வடிவத்தில் காரணமும் இல்லை, தடையும் இல்லை. தெருவின் இரண்டு நிலைகளை மட்டும் சொல்லி, எது சரிப்படும் என்று கேட்கிறோம்:

"தெற்கு மாசி வீதியில மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரைக்கும் வண்டியும் ஆளும் சேர்ந்து போகலாமா, இல்ல நடந்து போறவங்க மட்டும் போகலாமா? ரெண்டுல எது உங்களுக்குச் சரிப்படும்?" (வண்டியும் ஆளும் / நடப்பவர்கள் மட்டும் / இரண்டும் ஒன்றுதான் / சொல்லத் தெரியவில்லை)

நான் இதைத்தான் எடுக்கச் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்ட இதில் இடமில்லை. ஒன்றை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். முதலில் 'இப்ப மாதிரியே வண்டி போகலாமா' என்று எழுதியிருந்தோம். இருப்பதே இருக்கட்டும் என்று பழக்கத்துக்குச் சாய வைக்கும் என்பதால் அந்த 'இப்ப மாதிரியே'யை அடித்தோம். 'வண்டி' என்றால் இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், சரக்கு வண்டி எல்லாம்தான் என்று ஒரு வரி சேர்த்தோம். சோதனைக்குக் கேட்டபோது ஒரு பாத்திரக்கடைக்காரர் ஷேர் ஆட்டோவை மட்டும் மனதில் வைத்துப் பதில் சொன்னார். "நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கண்ணே" என்று பதிலுக்குப் பிறகு கேட்டதால்தான் அது வெளியே வந்தது.

கேள்வியைப் பேச்சுத் தமிழில் அச்சடித்ததற்கும் காரணம் உண்டு. முதல் மூன்று வடிவங்களையும் மாணவர்களை வாசித்துக் காட்டச் சொன்னேன். யாருமே எழுதியபடி வாசிக்கவில்லை. 'வண்டிகளை விடாமல் இருப்பதை ஆதரிக்கிறீர்களா' என்று காகிதத்தில் இருக்கிறது, வாயில் வந்ததோ, "அக்கா, சாயந்திரம் வண்டிய விடாம இருந்தா நல்லாருக்கும்ல?" நாம் கஷ்டப்பட்டு எடுத்த 'நல்லது'ம் 'தானே'யும் ஒரே மூச்சில் திரும்பி வந்துவிட்டன. எழுத்துத் தமிழில் கொடுத்தால் கேட்கிறவர் வாசலில் மொழிபெயர்ப்பார், அப்போது தன் கருத்தையும் சேர்த்துப் பெயர்ப்பார். சொல்லும்படியே அச்சடித்துக் கொடுத்து, அப்படியே வாசி, புரியவில்லை என்றால் அதையே மறுபடி வாசி என்று பழக்க வேண்டும்.

நான்காவது வடிவத்திலும் எது முதலில் வருகிறது என்ற சாய்வு பாக்கி இருக்கும். பாதிப் படிவங்களில் 'நடந்து போறவங்க மட்டும்' முன்னால் வரும்படி மாற்றி, இரண்டு வகையையும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கச் சொன்னேன். ஒரு தெருமுனைக்கு ஒரு வகை, இன்னொன்றுக்கு வேறு வகை என்று பிரித்தால் சொல்லின் வித்தியாசமும் ஆட்களின் வித்தியாசமும் கலந்துவிடும்.

மாணவர்களில் ஒருவருக்குப் பழைய கேள்வியை விட மனமில்லை. சரி, அதையும் 100 பேரிடம் கேளுங்கள், புதியதையும் வேறு 100 பேரிடம் கேளுங்கள் என்றேன். இரு பக்கமும் நூறு பேர் என்ற அளவில் 14 சதவீதப் புள்ளிக்குள் வரும் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அதைத் தாண்டினால் கேள்வியின் வார்த்தைதான் பேசியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். படிவங்களை அடுக்கும்போது பழையதை மஞ்சள் தாளில் அச்சடித்திருந்தார்கள். வெள்ளைத் தாளிலேயே அடித்து, மூலையில் ஒரு சிறு எண் மட்டும் போடச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.